வருமான வரி நோட்டீஸுக்குப் பதில்: ஸ்கேன் கோப்பு 5 எம்பிக்குள் அடங்க

வருமான வரித் தளத்தில் நோட்டீஸுக்குப் பதில் அனுப்பும்போது இணைக்கும் ஒரு கோப்பு 5 எம்பியைத் தாண்டக்கூடாது. பன்னிரண்டு பக்க வங்கிக் கணக்கு அறிக்கையை 300 டிபிஐ கலரில் ஸ்கேன் செய்தால், சுலபமாக அதைத் தாண்டிவிடும். உடனே இணையத்தில் கிடைக்கும் கம்ப்ரஸரில் போட்டு நசுக்காதீர்கள். சின்ன எண்கள் மங்கி 3-உம் 8-உம் ஒன்றுபோலத் தெரியும். அதற்குப் பதிலாக, 200 டிபிஐ, கிரேஸ்கேல் என்று மாற்றி மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைந்துவிடும், எழுத்து தெளிவாகவே நிற்கும். முடித்ததும் 100 சதவீத அளவில் திறந்து, முத்திரைக்கு அடியில் இருக்கும் தேதியைப் படித்துப் பாருங்கள். அது படிக்க வந்தால் சரி.

வங்கி மின்னஞ்சலில் அனுப்பும் பிடிஎஃபுக்குப் பெரும்பாலும் பாஸ்வேர்டு இருக்கும். அப்படியே ஏற்றினால் அதிகாரியால் திறக்க முடியாது. பிரவுசரில் திறந்து, பிரிண்ட் கொடுத்து, `Save as PDF` மூலம் புதுக் கோப்பாகச் சேமித்தால் பூட்டு போய்விடும். ஸ்கேனும் தேவையில்லை, அளவும் சிறிது.

அப்புறம் பெயர். `Scan0012.pdf` என்று பத்து கோப்பு போனால் பார்ப்பவர் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். இடைவெளி, & போன்ற குறிகள் இல்லாமல் இப்படி வையுங்கள்:

```
01_Reply_Letter.pdf
02_Bank_Statement_FY2023-24.pdf
```

பதில் கடிதத்திலும் இதே எண்ணைக் குறிப்பிடுங்கள்.