வீட்டுச் சுத்த வேலைக்கு மூன்று விலை வைப்பது எப்படி

"வீடு சுத்தம் பண்ண எவ்வளவு?" என்று கேட்பவரிடம் ஒரே ஒரு விலையைச் சொன்னால், அவர் "சரி" என்பார், இல்லையென்றால் பேரம் பேசுவார். குறைந்த வேலை, நடுத்தர வேலை, அதிக வேலை என்று மூன்று விலைகளைக் காட்டினால் பேச்சு எதை எடுப்பது என்பதற்குத் திரும்பிவிடும். ஆனால் அந்த மூன்றையும் மனம்போன போக்கில் வைக்கக் கூடாது. இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை உள்ள வீடு ஒன்றை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் போட்டுப் பார்ப்போம்.

படி 1: நேரத்தை அளந்துகொள்ளுங்கள்

விலையைப் பிறகு பார்ப்போம். முதலில் எந்த வேலைக்கு எத்தனை ஆள்-மணி ஆகிறது என்று எழுதி வையுங்கள். இரண்டு பேர் ஒன்றரை மணி நேரம் செய்தால் அது மூன்று ஆள்-மணி. நம் வீட்டில் பெருக்கித் துடைப்பது, தூசி தட்டுவது, சமையல் மேடை, கழிப்பறை, குப்பை எல்லாம் சேர்த்து 3 ஆள்-மணி. ஒட்டடை, மின்விசிறி இறக்கை, சுவிட்ச் போர்டு, அடுப்பின் எண்ணெய்ப் பிசுக்கு, குளியலறை டைல்ஸ் உப்புக் கறை ஆகியவற்றையும் சேர்த்தால் 4.5. ஃப்ரிட்ஜ் உள்பக்கம், அலமாரிகளின் உள்பக்கம், ஜன்னல் கண்ணாடி, கட்டில் சோபாவை நகர்த்தி அடியில் துடைப்பது வரை போனால் 8. இவை நான் உதாரணத்துக்கு எடுத்த எண்கள். நீங்கள் ஐந்தாறு வீடுகளிலாவது கடிகாரத்தைப் பார்த்து உங்கள் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: செலவிலிருந்து விலைக்கு

ஒரு ஆள்-மணிக்குக் கூலியும் சோப்புத் திரவமும் சேர்த்து 10 அலகு செலவு என்று வைப்போம். போய்வர எந்த வேலைக்கும் ஒரே 6 அலகு. மூன்றாவதற்கு மட்டும் கறைநீக்கி வகைகளுக்காக இன்னும் 4. செலவு முறையே 36, 51, 90 ஆகிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். வாங்கும் பணத்தில் 40 சதவீதம் மிஞ்ச வேண்டும் என்று நினைத்து, செலவோடு 40 சதவீதத்தைக் கூட்டுகிறார்கள். 36 அப்போது 50.4 ஆகும்; அதில் மிஞ்சுவது 14.4, அதாவது 29 சதவீதம்கூட இல்லை. செலவை 0.6-ஆல் வகுப்பதுதான் சரியான கணக்கு. விலைகள் 60, 85, 150 என்று வரும்.

இடைவெளிகளைக் கவனியுங்கள். முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு 25, அங்கிருந்து மூன்றாவதுக்கு 65. "இன்னும் 25 போட்டால் அடுப்பும் டைல்ஸும் சேர்ந்து சுத்தமாகிவிடுமே" என்று வாடிக்கையாளருக்குத் தோன்றும். உங்கள் அன்றாடப் பிழைப்பு நடுவில் இருப்பதை நம்பித்தான் ஓட வேண்டும். அதை மனதில் வைத்தே வேலைகளைப் பிரியுங்கள்.

படி 3: காட்டும் விதம்

மூன்றையும் ஒரே பக்கத்தில், பக்கத்துப் பக்கமாக வையுங்கள். பெயர் வேலையைச் சொல்ல வேண்டும்: வழக்கமான சுத்தம், முழுச் சுத்தம், உள்வரைச் சுத்தம். "சாதா", "பிரீமியம்" என்றால் என்ன கிடைக்கும் என்று யாருக்கும் புரியாது. சாதாவை எடுப்பவருக்கு மனக்குறையும் மிஞ்சும். இரண்டாவதின் கீழ் முதல் பட்டியலைத் திரும்ப எழுதாமல் "முதலாவதில் உள்ள எல்லாம், அதோடு" என்று தொடங்கிக் கூடுதல் வேலைகளை மட்டும் எழுதுங்கள்.

ஒவ்வொன்றின் அடியிலும் "இதில் சேராதவை" என்று ஒரு வரி வேண்டும். என்னைக் கேட்டால், முழுத் தாளிலும் அதிகப் பணத்தைக் காப்பாற்றுவது அந்த வரிதான். அது இல்லாவிட்டால், வேலை நடுவில் "அப்படியே ஃப்ரிட்ஜையும் துடைச்சிடுங்களேன்" என்பார்கள். அரை மணி நேரம் போய்விடும், மறுக்கவும் வாய் வராது. அந்த வரியில் ஃப்ரிட்ஜுக்குத் தனி விலை எழுதியிருந்தால் தாளைக் காட்டினால் போதும்.

வாயால் சொல்லும்போது 150-இல் தொடங்கிக் கீழே இறங்குங்கள். முதலில் 60 காதில் விழுந்தால் மற்ற இரண்டும் அதிகமாகவே தெரியும். "பெரும்பாலானோர் எடுப்பது" என்று நடுவில் எழுதுவது, அது உண்மையான பிறகுதான்.

படி 4: முதல் தடவைக்குத் தனி விதி

ஆறு மாதமாகச் சரியாகக் கைபடாத வீட்டுக்கு முதலாவதை விற்காதீர்கள். 3 மணிக் கணக்கு 5 ஆகும்: செலவு 56, வாங்கியது 60. அத்தனை உழைத்தும் டைல்ஸ் கறை அப்படியே இருக்கும், குறையும் சொல்வார்கள். "முதல் வருகை முழுச் சுத்தத்திலிருந்து" என்று தாளிலேயே எழுதிவிடுங்கள்; அடுத்த தடவையிலிருந்து வழக்கமான சுத்தத்துக்கு மாறிக்கொள்ளட்டும்.

படி 5: முப்பது வேலைக்குப் பிறகு

எல்லோரும் முதலாவதையே எடுத்தால் அதில் வேலைகளை அள்ளிக் கொடுத்திருக்கிறீர்கள். ஒன்றிரண்டை நடுவுக்குத் தள்ளுங்கள். மூன்றாவதை யாருமே எடுக்காவிட்டால் அவசரப்பட்டுத் தூக்கிவிடாதீர்கள். 85-ஐ நியாயமாகக் காட்டுவது அதுதான். அப்புறம், வீடு மாறுபவர்கள் தேடி வருவதும் அதைத்தான்.