கட்டட வெளித்தோற்றத்தில் செங்குத்துக் கோடுகள் சாயாமல் இருக்க: இருபுள்ளிக் கேமராவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செங்குத்துக் கோடுகள் நேராக நிற்க, கிடைக்கோடுகள் மட்டும் இரு மறைபுள்ளிகளை நோக்கிக் குவியும்படி அமைப்பதுதான் இருபுள்ளிக் கேமரா. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த இருவர் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் அண்மையில் அமைத்த கேமராக்களைப் பார்த்தபோது, தொழிலின் தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்திருப்பதைக் கண்டேன். கேமராவைச் சுவருக்குள் வைத்துவிடுவது போன்றவற்றை அவரவரே கண்டுபிடித்துக்கொள்வார்கள். பார்த்த மாத்திரத்தில் சரியாகவே தோன்றும் பிழைகளை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

சாய்த்து எடுத்துவிட்டுப் பிறகு நிமிர்த்துவது

இன்றும் எனக்குக் கோபம் வரவழைக்கும் தவறு இதுதான். தரைத்தளமும் அதற்கு மேல் இரண்டு மாடிகளும் கொண்ட, 10.5 மீட்டர் உயரமுள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அதன் அருகு மூலையிலிருந்து 20 மீட்டர் தள்ளி, 1.6 மீட்டர் உயரத்தில் கேமரா நிற்கிறது. லென்ஸ் 24 மி.மீ., சென்சார் அகலம் 36 மி.மீ., படம் 1920 × 1080. கேமரா நேராகப் பார்த்தால் அந்தத் தொலைவில் ஏறத்தாழ 10 மீட்டர் உயரம் வரைதான் சட்டத்துக்குள் வரும். கைப்பிடிச் சுவர் வெட்டுப்படும், படத்தின் கீழ்ப்பாதியில் பெரும்பகுதி வெறும் சாலையாக இருக்கும். உடனே கேமராவை 12, 13 பாகை மேல்நோக்கிச் சாய்த்துவிடுகிறார்கள். சாய்ந்ததும் கட்டடத்தின் மேற்பகுதி கேமராவின் பார்வை அச்சில் தொலைவாகிறது. அதனால் படத்தின் உச்சியில் உள்ளவை அடியில் உள்ளவற்றைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்கி, தூக்குக்குண்டு பிடித்துக் கட்டிய சுவர்கள் உள்நோக்கிச் சரிகின்றன.

படத்தொகுப்பு மென்பொருளில் மேல்முனைகளை இழுத்து நிமிர்த்திவிடலாம் என்று நானும் நம்பினேன். ஒரு வீட்டுக்குப் பகல், அந்தி, இரவு என மூன்று படங்களை அப்படித்தான் கொடுத்தேன். இழுத்த பகுதியில் புள்ளிகள் விரிந்து கைப்பிடிச் சுவரின் கம்பி வேலைப்பாடு மங்கியது. உச்சியின் இரு பக்கங்களும் வெட்டுப்பட்டன. உயரத்தைக் கண்ணளவில் சரிசெய்ததால் சன்னல்களின் விகிதம் மாறியது. மூன்றையும் தனித்தனியே கையால் இழுத்திருந்ததால் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தவும் இல்லை. வீட்டுக்காரர் வண்ணத்தை மாற்றச் சொன்னதும் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. இரண்டு இரவுகள் அதற்கே போயின.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கேமராவைத் தேர்ந்தெடுத்து, `N` விசையை அழுத்தினால் வரும் பலகத்தில் `Rotation X` மதிப்பை 90 என்றும் `Rotation Y` மதிப்பை 0 என்றும் தட்டச்சு செய்து, இரண்டையும் பூட்டிவிடுங்கள். இனி எந்தப் பக்கம் திரும்புவது என்பதை `Rotation Z` மட்டுமே தீர்மானிக்கும். அதன்பின் கேமரா அமைப்புகளின் `Lens` பகுதியில் `Shift Y` மதிப்பை 0.15 ஆக்குங்கள். 20 மீட்டர் தொலைவில் நம் சட்டத்தின் அகலம் 30 மீட்டர். `Shift` அந்த அகலத்தின் பங்காகவே கணக்கிடப்படுவதால், கேமரா துளியும் சாயாமல் சட்டம் மட்டும் 4.5 மீட்டர் மேலேறுகிறது. இப்போது உச்சி 14.5 மீட்டர் வரை தெரியும். வீட்டுக்கு மேல் வானம் கிடைக்கும், சாலை குறையும், சுவர்கள் நேராகவே நிற்கும்.

கேமராவை நடு உயரத்துக்குத் தூக்குவது

சாய்க்கக் கூடாது என்று கேட்டதும் சிலர் கேமராவை 5 மீட்டருக்கு உயர்த்திவிடுகிறார்கள். கோடுகள் நேராகத்தான் இருக்கும். ஆனால் அடிவானக் கோடு முதல் மாடிக்கு ஏறிவிடுகிறது. வாசலில் நிற்கும் மனிதர்களின் தலைகள் அதற்கு வெகு கீழே விழுவதால், எதிர்வீட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்த படமாகிவிடும். தெருவில் நின்று பார்ப்பவரின் படம் வேண்டுமென்றால் உயரம் 1.6 மீட்டராகவே இருக்கட்டும். `Shift Y` அதற்காகத்தான் இருக்கிறது.

`Track To` கட்டுப்பாட்டை விட்டுவைப்பது

கேமராவை எப்போதும் ஒரு பொருளை நோக்கியே திருப்பி வைக்கும் இந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள், பலகம் 90 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே அது கேமராவைச் சாய்த்துவிடும்.

கட்டடத்தின் இரு முகங்களையும் சம அளவில் காட்டுவது

முகப்புக்கு அதிக அகலம் கொடுங்கள்.

கண்ணை நம்பிப் படத்தை அனுப்புவது

அரைப்பாகைச் சாய்வு சட்டத்தின் நடுவில் தெரியாது, ஓரத்தில்தான் தெரியும். ஆகவே, எடுத்த படத்தில் இடக்கோடியிலும் வலக்கோடியிலும் உள்ள சுவர் விளிம்புகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் உச்சியும் அடியும் ஒரே கிடைமட்டப் புள்ளி எண்ணில் நிற்கின்றனவா என்று நான் அளந்து பார்க்கிறேன். எண்கள் வேறுபட்டால், முதலில் தேட வேண்டியது மறைந்திருக்கும் சாய்வைத்தான்.

உயர்ந்த கோபுரத்துக்கும் அதே உத்தியைத் திணிப்பது

`Shift Y` மதிப்பு 0.3-ஐத் தாண்டும்போது உச்சியில் உள்ள தண்ணீர்த் தொட்டி நீண்டு தோன்றத் தொடங்கும். அப்போது கேமராவைப் பின்னால் நகர்த்தி, தேவைப்பட்டால் நீளமான லென்ஸைப் போடுங்கள். பின்வாங்க இடமில்லாத இருபது மாடிக் கட்டடத்துக்கு, கோடுகள் சற்றே குவியும் மும்புள்ளிப் படமே இயல்பாக இருக்கும் என்பது என் கருத்து.