கட்டாய அப்டேட் திரை: எந்த எண் வரை போகலாம்?

பிளே ஸ்டோரில் 120-ஆம் பதிப்பு எல்லோருக்கும் போய்விட்டது, 121 இப்போது 10 சதவீதத்தினருக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வோம். இந்த நேரத்தில் சர்வரில் குறைந்தபட்சப் பதிப்பை 121 என்று மாற்றினால், மீதி 90 சதவீதத்தினரும் மாட்டிக்கொள்வார்கள். ஆப் "அப்டேட் செய்யுங்கள்" என்று மறிக்கும். ஸ்டோருக்குப் போனால் அப்டேட் பொத்தானே இருக்காது. ஐபோனில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே படிப்படியான வெளியீடு தானியங்கி அப்டேட்டுக்கு மட்டும்தான். கையால் தேடிப்போனால் யாருக்கும் புதியது கிடைக்கும்.

ஆகவே ஆண்ட்ராய்டில் அந்த எண், 100 சதவீதம் எட்டிய பதிப்பைத் தாண்டக் கூடாது. இங்கே 120 தான் உச்சம். ஒப்பிடுவது `versionCode` ஆக இருக்கட்டும். "2.10", "2.9" என்று எழுத்தாக ஒப்பிட்டால் 2.10 தான் பழையது என்று வரும்.

சோதிக்க, சேமித்து வைத்த பழைய வெளியீட்டுக் கோப்பையே எடுங்கள், புதிதாக பில்டு செய்ய வேண்டாம். சர்வர் அனுப்பும் குறைந்தபட்சப் பதிப்பு எண்ணைப் பழைய கோடு புரிந்துகொள்கிறதா என்பதுதான் கேள்வி. சோதனைச் சர்வரில் குறைந்தபட்சப் பதிப்பைப் புதியதன் எண்ணாக மாற்றுங்கள். பழைய கோப்பையும் புதியதையும் `Internal app sharing`-இல் ஏற்றி, பழையதை நிறுவுங்கள். பிறகு புதியதன் இணைப்பைத் திறந்து, அப்டேட் பொத்தான் தெரிந்ததும் அழுத்தாமல் ஆப்புக்குத் திரும்புங்கள். இப்போது கட்டாயத் திரை வர வேண்டும். பேக் பொத்தானை அழுத்தியும், நெட்டை அணைத்தும் பாருங்கள்.

இன்னொன்று: புதியதில் `minSdk` உயர்ந்திருந்தால், பழைய போன்களுக்கு அப்டேட் ஒருபோதும் வராது. அவர்களுக்குத் தனிச் செய்தி காட்டுங்கள்.