கைப்பேசியில் பிரிண்டர் தெரியவில்லையா? முதலில் ஐபி முகவரியைப் பாருங்கள்

பள்ளியிலிருந்து வாட்சாப்பில் பயிற்சித்தாள் வருகிறது. பிள்ளைக்கு நாளைக்கே வேண்டும். பிரிண்டர் மேசை மேல் இருக்கிறது, விளக்கும் எரிகிறது, ஆனால் கைப்பேசி மட்டும் No printers found என்கிறது. இந்த நிலையில் பெரும்பாலோர் செயலியை அழித்துவிட்டு மறுபடியும் இறக்குவார்கள். அது பலன் தருவது அபூர்வம். பழுது பெரும்பாலும் செயலியில் இருக்காது, வீட்டு வைஃபையில்தான் இருக்கும். எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். அதற்கு முன், புதிதாக பிரிண்டர் வாங்கியவர்களுக்கு அடிப்படை வேலை.

பிரிண்டரை வைஃபையில் சேர்ப்பது

பிரிண்டர் நிறுவனத்தின் செயலியைக் கைப்பேசியில் இறக்கி, புது பிரிண்டரைச் சேர்க்கச் சொன்னால், அது வைஃபையின் கடவுச்சொல்லைக் கேட்டு பிரிண்டருக்கு அனுப்பிவிடும். திரையுள்ள பிரிண்டர் என்றால் செயலிகூட வேண்டாம். பிரிண்டரின் நெட்வொர்க் மெனுவிலேயே வைஃபை பெயரைத் தேர்ந்தெடுத்து கடவுச்சொல்லை அடிக்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வீட்டுக்கு வாங்கும் மலிவு பிரிண்டர்களில் பல 2.4 GHz வைஃபையை மட்டுமே பிடிக்கும். உங்கள் ரவுட்டர் இரண்டு பெயர் காட்டினால், பெயரின் கடைசியில் 5G என்று இருப்பதை விட்டுவிட்டு மற்றதில் பிரிண்டரைச் சேருங்கள். கைப்பேசி 5 GHz-இலேயே இருக்கலாம். இரண்டும் ஒரே ரவுட்டரின் கைகள் என்பதால் பொதுவாக ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். கடவுச்சொல் சரியாக இருந்தும் பழைய பிரிண்டர் சேர மறுத்தால், ரவுட்டரின் பாதுகாப்பு அமைப்பு WPA3 மட்டும் என்று இருக்கிறதா பாருங்கள். அதை WPA2/WPA3 என்று மாற்றினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

அச்சிடுவது

ஐபோனில் தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். கோப்பைத் திறந்து, பகிரும் குறியைத் தட்டி, Print என்பதைத் தேர்ந்தெடுங்கள். பிரிண்டருக்கு ஏர்பிரிண்ட் வசதி இருந்தால் பட்டியலில் வந்துவிடும்.

ஆண்ட்ராய்டில் PDF கோப்பைத் திறந்து மூன்று புள்ளி மெனுவில் Print என்பதைத் தட்டுங்கள். மேலே பிரிண்டர் பெயர் வரும் இடத்தில் Save as PDF என்று இருக்கும். அதைத் தட்டினால் பட்டியல் விரியும். தாள் அளவு Letter என்று இருந்தால் A4 ஆக மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் சில பிரிண்டர்கள் தாள் பொருந்தவில்லை என்று நின்றுவிடும்.

பட்டியலில் வராதபோது

எங்கள் தாமானில் ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளில் ஹார்ன் அடித்துக்கொண்டு வருவார். அந்தத் தெருவில் இருப்பவர்களுக்குக் கேட்கும், அடுத்த தெருவுக்குக் கேட்காது. பிரிண்டரும் இப்படித்தான் தன்னை அறிவிக்கிறது. 'நான் இன்ன பிரிண்டர், என் முகவரி இது' என்று வீட்டு நெட்வொர்க் முழுவதற்கும் ஒரு செய்தியை அனுப்பும். கைப்பேசியும் 'பிரிண்டர் யாராவது இருக்கிறீர்களா?' என்று அதே முறையில் கேட்கும். இந்த அழைப்பு ஒரு நெட்வொர்க்கின் எல்லையைத் தாண்டிப் போகாது. ஆகவே நாம் கண்டறிய வேண்டியது, கைப்பேசியும் பிரிண்டரும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றனவா என்பதைத்தான். வைஃபை பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது.

முதலில் பிரிண்டரின் ஐபி முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் எண்ணை, எடுங்கள். திரை இருந்தால் நெட்வொர்க் அல்லது வைஃபை நிலையைக் காட்டும் பக்கத்தில் IP Address என்று இருக்கும். திரை இல்லாதவற்றில் தகவல் பொத்தானையோ வைஃபை பொத்தானையோ சில விநாடி அழுத்திப் பிடித்தால் ஒரு தாள் அச்சாகி வரும். எந்தப் பொத்தான் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். அந்தத் தாளில் இப்படி ஒரு வரியைத் தேடுங்கள்:

```
IP Address: 192.168.0.12
```

அடுத்து கைப்பேசியின் முகவரி. ஐபோனில் Settings, Wi-Fi என்று போய், இணைந்திருக்கும் பெயருக்குப் பக்கத்திலுள்ள i குறியைத் தட்டுங்கள். ஆண்ட்ராய்டில் வைஃபை பெயருக்குப் பக்கத்துச் சக்கரக் குறி. இப்போது இரண்டு முகவரிகளிலும் முதல் மூன்று எண்களை ஒப்பிடுங்கள். வீட்டு ரவுட்டர்களில் அந்த மூன்றும் ஒத்துப் போனால் ஒரே நெட்வொர்க் என்று எடுத்துக்கொள்ளலாம். கடைசி எண் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

பிரிண்டரின் முகவரி 169.254 என்று தொடங்கினாலோ 0.0.0.0 என்று இருந்தாலோ ஒப்பிடும் வேலையே இல்லை. ரவுட்டர் அதற்கு முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். பிரிண்டரை அணைத்து, ரவுட்டரை அணைத்துப் போட்டு, இணையம் வந்த பிறகு பிரிண்டரைப் போடுங்கள். வரிசை முக்கியம்.

ரவுட்டரையே மாற்றியிருந்தால் பிரிண்டர் இன்னும் பழைய வைஃபை பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். புது ரவுட்டருக்குப் பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் அப்படியே கொடுத்துவிட்டால், பிரிண்டர் மட்டுமல்ல, வீட்டிலுள்ள மற்ற சாமான்களும் தாமாகவே வந்து சேர்ந்துகொள்ளும்.

செந்தூல் வீட்டில் நடந்தது

தெரிந்த அக்கா ஒருவர் செந்தூலில் இரட்டை மாடி வீட்டில் இருக்கிறார். "தம்பி, பிரிண்டர் முன்னாலதான் நிக்கிறேன். ஆனா போன்ல காணோம்னு சொல்லுது. கீழ உட்கார்ந்தா சில நாள் வருது, மேல போனா வரவே வராது" என்றார்.

மேலே, கீழே என்று அவர் சொன்னதிலேயே பாதி விடை இருந்தது. இணைய நிறுவனம் கொடுத்த ரவுட்டர் கீழே ஹாலில். மாடியில் வைஃபை எட்டவில்லை என்று மகன் லோயாட் பிளாசாவில் இன்னொரு ரவுட்டர் வாங்கி, கேபிள் இழுத்து மேலே வைத்திருக்கிறார். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். அக்காவைப் பொறுத்தவரை வீட்டில் இருப்பது ஒரே வைஃபை.

பிரிண்டர் தாளில் 192.168.0.12 என்று இருந்தது. "அக்கா, இப்போ மாடிக்குப் போய் போன்ல பாருங்க" என்றேன். 192.168.1.34 என்று படித்தார். மூன்றாவது எண் கீழே 0, மேலே 1. மாடி ரவுட்டர் தனக்கென்று ஒரு தனி நெட்வொர்க்கை உருவாக்கி வைத்திருக்கிறது. பிரிண்டரின் அழைப்பு கீழ் ரவுட்டரோடு நின்றுவிடுகிறது. கீழே உட்கார்ந்தாலும் கைப்பேசி சில சமயம் மாடி ரவுட்டரையே பிடித்துக்கொண்டிருக்கும். 'சில நாள் வருது' என்பதற்கு அதுதான் காரணம்.

இதில் பலரை ஏமாற்றும் விஷயம் ஒன்று இருக்கிறது. கைப்பேசியின் பிரவுசரில் பிரிண்டர் முகவரியை அடித்துப் பார்க்கச் சொல்வது வழக்கமான சோதனை. மை அளவு காட்டும் பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறந்தால் இணைப்பு சரி என்பார்கள். அக்கா மாடியிலிருந்து அடித்தார், பக்கம் திறந்துவிட்டது! மாடி ரவுட்டர் கீழ் ரவுட்டருக்கு உள்ளே இருப்பதால், மேலிருந்து கீழே நேராக முகவரி சொல்லிப் போனால் வழி உண்டு. அழைப்புச் செய்திக்குத்தான் வழி இல்லை. ஆகவே பக்கம் திறந்ததை மட்டும் நம்பாமல் எண்களை ஒப்பிடுங்கள்.

சரிசெய்தது எளிது. மாடி ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் Operation Mode என்று ஒரு பிரிவு இருக்கும். Router என்று இருந்ததை Access Point என்று மாற்றினோம். கேபிளைத் தொடவில்லை. ரவுட்டர் அணைந்து எழுந்ததும் மாடியில் கைப்பேசியின் வைஃபையை நிறுத்திப் போட்டார். முகவரி 192.168.0 என்று தொடங்கியது, பட்டியலில் பிரிண்டரும் வந்தது. இப்படி மாற்றினால் மாடி ரவுட்டரின் அமைப்புப் பக்க முகவரியும் மாறிவிடும், புதியதைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

எண்கள் ஒத்துப் போயும் தெரியவில்லை என்றால்

பிரவுசர் சோதனைக்கு உண்மையான பலன் இங்கேதான். மூன்று எண்களும் ஒன்றாக இருந்து பக்கம் திறக்கவில்லை என்றால், முதலில் பிரிண்டரை அணைத்துப் போடுங்கள். ஆழ்ந்த தூக்கத்தில் இருந்திருக்கலாம். பிறகும் இல்லையென்றால் ரவுட்டர் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. கைப்பேசி Guest என்ற பெயருள்ள வைஃபையில் இருக்கிறதா பாருங்கள். விருந்தினர் வைஃபை வேலையே வீட்டுச் சாமான்களைக் கண்ணில் காட்டாமல் வைப்பதுதான். அது இல்லையென்றால் ரவுட்டரில் AP Isolation என்ற அமைப்பைத் தேடி நிறுத்துங்கள்.

பக்கம் திறந்தும் பட்டியலில் வரவில்லை என்றால் கைப்பேசியைக் கவனிக்க வேண்டும். விபிஎன் ஓடினால் நிறுத்துங்கள். ஐபோனில் பிரிண்டர் நிறுவனச் செயலி மட்டும் தேடித் தோற்றால், Settings, Privacy & Security, Local Network என்ற இடத்தில் அந்தச் செயலிக்கு அனுமதி கொடுங்கள். முதல் நாள் கேட்டபோது யாரோ Don't Allow என்று தட்டியிருப்பார்கள்.

ஆண்ட்ராய்டில் கூடுதலாக ஒரு குறுக்கு வழி உண்டு. Settings, Connected devices, Connection preferences, Printing என்று போங்கள். சாம்சங்கில் Connections, More connection settings, Printing. அங்கே Default Print Service என்பதைத் திறந்து, பிரிண்டரைச் சேர்க்கும் இடத்தில் ஐபி முகவரியை நேராகவே கொடுத்துவிடலாம். ஐபோனில் இந்த வசதி இல்லை. ஆனால் ரவுட்டர் அணைந்து எழும்போது பிரிண்டருக்கு வேறு எண்ணைக் கொடுத்துவிட்டால் நீங்கள் சேர்த்தது வீணாகிவிடும். ரவுட்டரில் Address Reservation என்ற இடத்தில் பிரிண்டருக்கு அந்த எண்ணையே நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள்.

வாடகை அறையில் இருப்பவர்கள் வீட்டுக்காரரின் ரவுட்டரைத் தொட முடியாது. அவர்களுக்கு வைஃபை டைரக்ட் போதும். பிரிண்டரே DIRECT என்று தொடங்கும் ஒரு வைஃபையை வெளியிடும். கடவுச்சொல் முன்னால் சொன்ன அந்த நெட்வொர்க் தாளிலேயே இருக்கும். கைப்பேசியை அதில் சேர்த்தால் ரவுட்டர் இல்லாமலே அச்சிடலாம். அந்த நேரம் அந்த வைஃபை வழியாக இணையம் வராது என்பதால், பயிற்சித்தாளை முதலில் கைப்பேசியில் இறக்கி வைத்துவிட்டுச் சேருங்கள்.