மகளின் முதல் மின்னஞ்சல்: மூன்று நாள் பூட்டு

எட்டாவது படிக்கும் மகளுக்கு மின்னஞ்சல் தொடங்கிய இரண்டாம் வாரமே பாஸ்வேர்டு மறந்துபோனது. மீட்புக்கு என் முகவரியைத்தான் கொடுத்திருந்தேன். ஆறு இலக்க எண் எனக்கு வந்தது, சரியாகத்தான் தட்டினேன். ஆனாலும் "இது உங்கள் கணக்கு என்று உறுதிசெய்ய முடியவில்லை" என்றே பதில். அலுவலகக் கணினியில் மூன்று நாள் இதே கதை. வேறு பிரவுசரிலும் நடக்கவில்லை.

எண் மட்டும் போதாது, எந்தக் கருவியில், எந்த இணைப்பில் இருந்து கேட்கிறோம் என்பதையும் மின்னஞ்சல் நிறுவனத்தார் பார்க்கிறார்கள். அவள் வழக்கமாகத் திறக்கும் டேப்லெட்டில், வீட்டு வைஃபையில் முயன்றேன். முதல் தடவையே திறந்தது. அப்பாடா!

அப்புறம் என் கைபேசி எண்ணையும் மீட்புக்குச் சேர்த்தேன். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, கைபேசி கையில் இல்லாதபோது உள்நுழைய உதவும் பேக்கப் கோடு எண்களை அவள் கையாலேயே தாளில் எழுதவைத்து, ரேஷன் கார்டு உறைக்குள் வைத்தேன். புதுச் செயலிகளை நிறுவ என் அனுமதி வேண்டும் என்பதையும் அவளிடம் சொல்லியே அமைத்தேன்.