பொருளைத் திரும்பப் பெறும் அறிவிப்பு: உணவு நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்த்தாண்டத்துக்கு அருகே மரச்சீனிக் கிழங்கு சிப்ஸ் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தை உதாரணத்துக்குக் கற்பனை செய்துகொள்வோம். காலையில் நிலக்கடலை சேர்ந்த மிக்சரைப் பாக்கெட் போட்ட அதே இயந்திரத்தில், மேல்தொட்டியைச் சரியாகத் துடைக்காமல், மதியம் சிப்ஸைப் போட்டுவிட்டார்கள். சிப்ஸ் பாக்கெட்டில் அச்சிட்ட சேர்பொருள் பட்டியலில் நிலக்கடலை இல்லை. அன்று தயாரான 420 பாக்கெட்டுகளில் 96 கிடங்கிலேயே இருக்கின்றன. மீதி 324 பாக்கெட்டுகள் நாகர்கோவில் முதல் களியக்காவிளை வரையுள்ள கடைகளுக்கும், எல்லை தாண்டிக் கேரளத்தின் பாறசாலைக்கும் போய்விட்டன. அவற்றைத் தானாகவே திரும்பப் பெற முடிவு செய்த நிறுவனம், நாளிதழ்களுக்கு அறிக்கை எழுத உட்காருகிறது.

பெரும்பாலும் முதல் வாக்கியத்திலேயே தவறு நேர்ந்துவிடுகிறது. “வாடிக்கையாளர் நலனில் என்றும் அக்கறை கொண்ட எங்கள் நிறுவனம், தரம் சார்ந்த காரணங்களால் சில பாக்கெட்டுகளைத் திரும்பப் பெறுகிறது” என்று எழுதினால், நிலக்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தையின் தாய்க்கு இது தன் வீட்டுக்கான செய்தி என்றே தெரியாது. ஒவ்வாமை இல்லாதவரோ, எண்ணெய் கெட்டதோ, விஷம் கலந்ததோ என்று அஞ்சுவார். மழுப்பலான காரணம் ஆபத்தில் இருப்பவரை எச்சரிப்பதுமில்லை, மற்றவரை அமைதிப்படுத்துவதுமில்லை. “இந்தச் சிப்ஸில் நிலக்கடலை (கப்பலண்டி) கலந்திருக்கலாம், அது பாக்கெட்டில் குறிப்பிடப்படவில்லை, நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இதைச் சாப்பிட வேண்டாம்” என்று தொடங்குவதே சரி. நம் பக்கத்தில் பலர் கப்பலண்டி என்றே சொல்வதால், அந்தச் சொல்லும் இருப்பது நல்லது.

அடுத்து, எந்தப் பாக்கெட் என்பது. பேட்ச் எண்ணை மட்டும் எழுதிவிட்டு, அது எங்கே இருக்கிறது என்று சொல்லாமல் விடுவது அடிக்கடி காணும் குறை. “150 கிராம் பாக்கெட், பேட்ச் எண் 0417, பாக்கெட்டின் பின்புறம், கீழ் மடிப்புக்கு மேலே கறுப்பு மையில் அச்சிடப்பட்டுள்ளது” என்று எழுதினால், கண்ணாடி போட்ட பாட்டியும் தேடிக் கண்டுபிடிப்பார். மற்ற பேட்ச்களுக்கும் மற்ற அளவுகளுக்கும் இது பொருந்தாது என்பதையும் அதே இடத்தில் சொல்லிவிட வேண்டும். ஆனால் அப்படிச் சொல்லுமுன், வேறெந்த நாளிலும் மிக்சருக்குப் பிறகு சிப்ஸ் போடப்படவில்லை என்பதை உற்பத்திப் பதிவேட்டில் பார்த்திருக்க வேண்டும். 324 பாக்கெட்டுகளில் எத்தனையில் கடலை விழுந்தது என்று யாருக்கும் தெரியாதபோது, “மிகச் சில பாக்கெட்டுகளில் மட்டும்” என்று எழுதுவது கணக்கல்ல, ஆசை.

பேட்ச் எண்ணையே பார்க்க முடியாத வீடுகளும் கடைகளும் உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டீக்கடையில் பாக்கெட்டைப் பிரித்துக் கண்ணாடிப் பரணியில் போட்டு விற்பார்கள். வீட்டில் டப்பாவில் கொட்டிவிட்டு உறையை எறிந்துவிடுவார்கள். ஆகவே, உறை இல்லாமல் சந்தேகம் இருந்தால் உள்ளதை அப்படியே கொண்டுவரலாம் என்றும், ரசீது தேவையில்லை, முழு விலையும் திரும்பக் கிடைக்கும் என்றும் அறிக்கை சொல்ல வேண்டும். பெட்டிக்கடையில் ரசீது கேட்டு வாங்கியவர் யார்? ஏற்கெனவே சாப்பிட்டவருக்குத் தோலில் தடிப்பு, உதடு அல்லது முக வீக்கம், மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதும், பணம் திரும்பப் பெறும் தகவலுக்கு முன்பாகவே வர வேண்டும்.

“இதுவரை யாருக்கும் பாதிப்பு இல்லை” என்ற வரி மிகவும் கவனிக்க வேண்டியது. நிறுவனத்துக்குத் தெரிவது, தன்னிடம் வந்த புகார்கள் மட்டுமே. “இன்று காலை 10 மணி வரை எங்களுக்குப் புகார் எதுவும் வரவில்லை” என்பது உண்மை. பாதிப்பே இல்லை என்பது, மாலையில் ஒரு தொலைபேசி அழைப்பால் பொய்யாகிவிடும்.

‘தானாக முன்வந்து’ என்ற சொல்லைப் பதக்கம்போலத் தலைப்பில் குத்திக்கொள்வதும் தவறு. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இன் 28-ஆம் பிரிவுப்படி, தன் பொருள் சட்டத்துக்கு ஒத்துவரவில்லை என்று கருதக் காரணம் இருந்தால், அதைத் திரும்பப் பெறுவதும் உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதும் நிறுவனத்தின் கடமை. உத்தரவு வருவதற்கு முன் நிறுவனமே தொடங்கியது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். ஒருமுறை சொன்னால் போதும்.

பாறசாலைக்குப் போன பாக்கெட்டுகளுக்காக இதே அறிக்கை மலையாளத்திலும் வெளிவர வேண்டும். பிறகு இன்னொரு பேட்ச்சும் சேர்ந்ததென்றால், பழைய அறிக்கையைச் சத்தமின்றித் திருத்தாமல், புதிய தேதியும் நேரமும் இட்டு, எது புதிதாகச் சேர்க்கப்பட்டது என்று முதல் வரியிலேயே எழுதி வெளியிட வேண்டும். ஏனெனில் முதல் அறிக்கையைப் படித்துவிட்டு, “நம் வீட்டுப் பாக்கெட் அதில் இல்லை” என்று சாப்பிடத் தொடங்கியவர் இருப்பார்.