பாடநூலில் இல்லாத கவிதைக்கு நெடுவினா: நிலை விளக்கம் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் புதிதாகப் பணியில் சேர்ந்த தமிழாசிரியர்கள் தயாரிக்கும் வினாத்தாள் வரைவுகளைப் பார்வையிடும்போதெல்லாம், எங்கள் தலைமுறை செய்து சலித்த பிழைகளே புதிய கையெழுத்தில் திரும்பி வருவதைக் காண்கிறேன். எழுத்துப்பிழை, மதிப்பெண் கூட்டலில் தவறு போன்றவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்ளலாம். வினாவும் விடைக்குறிப்பும், குறிப்பாக எப்படிப்பட்ட விடைக்கு எத்தனை மதிப்பெண் என்று படிப்படியாகச் சொல்லும் நிலை விளக்கமும், ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும் இடங்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க, பயிற்சிக்கென்றே நான் எழுதிய சிறு கவிதை ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

மழை ஒன்று விழுந்த மறுவாரம்
மலைச்சரிவெல்லாம் வெள்ளைப் பூ.
பார்க்க வந்தவர்கள்
படம் பிடித்துப் போனார்கள்.
பனி இறங்கும் மாதத்தில்
பழம் பறிக்கிறாள் அம்மா.
மூட்டத்துக்குள் அவள் விரல்கள் மட்டும்
சிவப்பாய்த் தெரிகின்றன.

ஊர் அறிவைச் சோதிப்பது

ஏற்காட்டுத் தோட்டத்தில் வளரும் பிள்ளை இதைப் படித்ததுமே காப்பிச் செடியைக் காண்பான். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் பக்கத்தில் வளர்ந்த பிள்ளை அந்த வெள்ளைப் பூவை மல்லிகை என்று எண்ணக்கூடும்; அப்படி எண்ணினால் ஆறாம் அடியில் வரும் பழம் அவனைக் குழப்பும். இருவரும் ஒரே இடத்திலிருந்து தொடங்க வேண்டுமானால், கவிதைக்கு மேலே ஒரு குறிப்புப் போதும்: "காப்பிச் செடி கோடை மழைக்குப் பின் வெண்ணிறமாகப் பூக்கும், அதன் பழம் முற்றியதும் சிவக்கும், குளிர்காலத்தில் பறிக்கப்படும்." அந்தச் சிவப்பு கவிதையில் என்ன செய்கிறது என்பதைக் குறிப்பு சொல்லிவிடக் கூடாது. அதைச் சொல்ல வேண்டியது மாணவர்.

கவிஞரின் வாழ்க்கைக் குறிப்பைக் கேட்பது

கேட்காதீர்கள்.

நயங்களை எண்ணி நிலை பிரிப்பது

இன்றும் என்னைச் சினங்கொள்ள வைக்கும் தவறு இதுதான். "கவிதையின் நயங்களைப் பாராட்டி எழுதுக" என்று வினாவைக் கேட்டுவிட்டு, "நான்கு நயங்களைச் சான்றுடன் எழுதினால் 8, மூன்று எழுதினால் 6, இரண்டு எழுதினால் 4" என்று விடைக்குறிப்பு எழுதிவிடுகிறார்கள். திரண்ட கருத்து, மையக்கருத்து, எதுகை, மோனை, இயைபு, முரண், அணி, சுவை என்று தலைப்பிட்டு எழுதும் பழக்கம் நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே ஊறிப்போனது. எண்ணிக்கைக்கு மதிப்பெண் தரும் குறிப்பு, அந்தத் தலைப்புகளை நிரப்புவதே கவிதையைப் படிப்பது என்று அவர்களை நம்ப வைத்துவிடுகிறது.

மேற்கண்ட கவிதைக்கு இரண்டு விடைகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் விடை: "மழை, மலை என்பது மோனை. பார்க்க, படம், பனி, பழம் என்பதும் மோனை. வெள்ளை, சிவப்பு என்பது முரண். அம்மாவின் உழைப்பு என்பது மையக்கருத்து. மலையின் காட்சி அழகாக வருணிக்கப்பட்டுள்ளது." இரண்டாம் விடை: "வெள்ளைப் பூவைப் பார்க்கப் பலர் வந்தார்கள். விரலின் சிவப்பைப் பார்க்க யாரும் வரவில்லை; பிள்ளை மட்டும் பார்க்கிறது. சிவப்பு பழத்தால் வந்ததா, குளிரில் தோல் வெடித்ததால் வந்ததா என்று கவிதை சொல்லவில்லை. 'மட்டும்' என்ற சொல்லால் அம்மாவின் முகம்கூட நமக்குத் தெரியாமல் போகிறது."

எண்ணிக்கைக் குறிப்பின்படி முதல் விடைக்கு 8 மதிப்பெண்ணும் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டாவதில் பெயர் சொல்லப்பட்ட நயம் ஒன்றுகூட இல்லை என்பதால், இரக்கமுள்ள ஆசிரியரே 4 போடுவார். கவிதையைப் படித்தவர் யார் என்பதில் நமக்குச் சிறிதும் ஐயமில்லாதபோது, நாமே எழுதிய குறிப்பு நம் கையைப் பிடித்துத் தலைகீழாக மதிப்பெண் போட வைக்கிறது. ஒரு பயிற்சி அமர்வில் இத்தகைய இரு விடைகளைக் கொடுத்தபோது, "இரண்டாவதுதான் நல்ல விடை, ஆனால் குறிப்பில் இடமில்லையே ஐயா" என்று ஓர் இளம் ஆசிரியை சொன்னார். குறிப்பில் இடமில்லை என்றால் மாற்ற வேண்டியது குறிப்பைத்தான்.

எண்ணிக்கையை விட்டுவிட்டு "மிகச் சிறப்பாக", "சிறப்பாக", "ஓரளவு" என்று அடைமொழிகளால் நிலை பிரிப்போரும் உண்டு. அதுவும் தீர்வாகாது. ஒருவருக்குச் சிறப்பாகப் படுவது மற்றவருக்கு ஓரளவாகப் படும்; ஒரே விடைத்தாளுக்கு இருவர் போடும் மதிப்பெண் எட்டாத தொலைவில் நிற்கும். நிலைகளைப் பிரிக்க வேண்டியது மாணவர் கவிதையை வைத்து என்ன செய்கிறார் என்பதே. அதற்கு முதலில் வினா மாற வேண்டும். நான் இப்படிக் கேட்பேன்: "அம்மாவைப் பற்றி இக்கவிதையில் பேசுபவர் கொண்டுள்ள உணர்வு எத்தகையது? மலையில் காணும் காட்சிகளின் வழியாக அவ்வுணர்வு எவ்வாறு வெளிப்படுகிறது? கவிதையின் சொற்களைச் சான்றாகக் காட்டி விளக்குக." வெள்ளை, சிவப்பு என்ற இணையை வினாவிலேயே எடுத்துக் கொடுத்துவிட்டால், திறமிக்க மாணவர் தாமாகக் கண்டறிய வேண்டியது பறிபோய்விடும்.

அதன்பின் நிலை விளக்கம் ஏறத்தாழ இவ்வாறு அமையும்.

நிலை 1 (1–2): கவிதையில் நடப்பதைத் தம் சொற்களில் திரும்பச் சொல்கிறார்.

நிலை 2 (3–4): ஓர் உணர்வையோ நயத்தையோ இனங்கண்டு, அதற்குரிய சொற்களை எடுத்துக்காட்டுகிறார்.

நிலை 3 (5–6): எடுத்துக்காட்டிய சொல் அல்லது காட்சி, உணர்வை எவ்வாறு உண்டாக்குகிறது என்று விளக்குகிறார், பகுதிகளைத் தனித்தனியே விளக்குகிறார்.

நிலை 4 (7–8): கவிதையின் முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைத்து, முழுக் கவிதைக்கும் பொருந்தும் ஒரு வாசிப்பை முன்வைக்கிறார்; ஒரு சொல்லுக்கு இரு பொருள் இயலுமிடத்தில் அதையும் கருதிப் பார்க்கக்கூடும்.

முதல் விடை இப்போது நிலை 2-இல் நிற்கிறது. மோனையைச் சரியாகக் கண்டிருக்கிறது. அது கவிதையில் என்ன செய்கிறது என்று சொல்லவில்லை. ஒரே ஒரு வாக்கியம், எடுத்துக்காட்டாக, "பார்க்க வந்தவர்களின் அடிகளும் அம்மாவின் அடிகளும் ஒரே எழுத்து வரிசையில் தொடங்குவதால் இருவரும் அருகருகே வைத்துப் பார்க்கப்படுகிறார்கள்" என்று சேர்ந்திருந்தால், அதே மோனை நிலை 3-க்கு ஏறியிருக்கும். இரண்டாம் விடை பூவையும் விரலையும் இணைத்து, சிவப்பின் இரு பொருளையும் கண்டுவிட்டதால் நிலை 4-ஐச் சேர்கிறது. உணர்வின் பெயரை அது வெளிப்படையாகச் சொல்லாததால் 8 வேண்டாம், 7 போதும் என்று ஒருவர் வாதிட்டால் அந்த வாதம் ஏற்கத்தக்கதே. எந்த நிலை என்பதில் 8 தருபவரும் 7 தருபவரும் உடன்பட்டிருக்கிறார்கள் அல்லவா! முதலில் நிலையை உறுதி செய்ய வேண்டும். பிறகே அந்நிலைக்குள் மேல் மதிப்பெண்ணா கீழ் மதிப்பெண்ணா என்று பார்க்க வேண்டும்.

இல்லாததைக் கொண்டு கீழ்நிலையை விளக்குவது

"விளக்கத் தெரியவில்லை", "சான்று தரவில்லை" என்று நிலை 1-ஐ எழுதாதீர்கள். அங்கு நிற்கும் மாணவரும் ஒன்றைச் செய்திருக்கிறார், அதை எழுதுங்கள்.

கையெழுத்தையும் சந்திப்பிழையையும் நிலைக்குள் நுழைப்பது

வேண்டுமானால் மொழிநடைக்குத் தனி மதிப்பெண் வையுங்கள்.

விடைகளைப் பாராமல் விளக்கத்தை முடித்துவிடுவது

நிலை விளக்கத்தை எழுதியதும் சில மாணவர்களிடம் வினாவைக் கொடுத்து விடை வாங்க வேண்டும். அவற்றை இரண்டு ஆசிரியர்கள் ஒருவர் போட்டதை மற்றவர் பாராமல் நிலைப்படுத்த வேண்டும். அவர்கள் மாறுபடும் விடைகளே நமக்குப் பயன்படுபவை. பெரும்பாலும் நிலை 2-க்கும் 3-க்கும் நடுவில்தான் இழுபறி வரும். "இனங்காணுதல்" முடிந்து "விளக்குதல்" தொடங்கும் இடம் அதுவே. அங்கு இருவரும் ஒத்துக்கொண்ட ஒரு விடையை நிலை 3-இன் கீழ் எல்லைக்கு மாதிரியாக விடைக்குறிப்போடு இணைத்து, திருத்தும் பணி தொடங்குமுன் அனைவரும் அதைப் படித்துவிட வேண்டும். மேல்நிலைக்கு மட்டும் மாதிரி விடை தருவது வழக்கமாகிவிட்டது. ஐயம் எழுவதோ எல்லைகளில்.